பயற்றங்காய் நாற்றில் அசுவினி: தாழ்வாரத்திலும் சமூகத் தோட்டத்திலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ் இருக்கும் சமூகத் தோட்டத்தில் பயற்றங்காய், கத்தரி, வெண்டை போடுகிறோம். அக்கம்பக்கத்தில் பலர் தாழ்வாரத்தில் தொட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாரும் என்னிடம் அதிகமாகக் கேட்பது அசுவினியைப் பற்றித்தான். செடிப்பேன் என்றும் சொல்வார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் பயற்றங்காயில் வரும் கறுப்பு அசுவினியைப் பற்றியவை. அதன் அறிவியல் பெயர் ஏஃபிஸ் கிராக்சிவோரா. வெண்டையிலும் மிளகாயிலும் வரும் பச்சை அசுவினி வேறு இனம், ஆனால் வாழ்க்கை முறை கிட்டத்தட்ட இதேதான்.

“போன வெள்ளிக்கிழமை ஒண்ணுமே இல்லக்கா. இந்த வெள்ளிக்கிழமை நுனி முழுக்கக் கறுப்பு. ஒரே ராத்திரியில எங்கேருந்து வந்துச்சு?”

ஒரே ராத்திரியில் வரவில்லை. போன வெள்ளிக்கிழமையே இருந்திருக்கும், கண்ணில் பட்டிருக்காது. பயற்றங்காய் நாற்றின் நுனியில் இன்னும் விரியாத இலை ஒன்று கைகூப்பியது மாதிரி மடங்கி இருக்கும் இல்லையா, அதற்குள்தான் முதல் குட்டிகள் உட்காரும். பிறந்த குட்டி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சாம்பல் பூசின மாதிரி மங்கலாக இருப்பதால் தூசி என்றே தோன்றும். வளர்ந்த பிறகுதான் உடம்பு பளபளவென்று கறுப்பாகும், கால்கள் மட்டும் வெளிறி இருக்கும். அப்போதுதான் நாம் கவனிக்கிறோம்.

அசுவினிதானா என்று சந்தேகம் வந்தால் கைப்பேசி கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்பக்கத்தில் புகைபோக்கி மாதிரி இரண்டு சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் அது கிடையாது.

“ஆணே இல்லாம குட்டி போடுதுன்னு என் மகன் சொல்றான். நெசமா?”

நிஜம்தான். உங்கள் செடியில் இருப்பவை அத்தனையும் பெண்கள். அவை முட்டையும் இடுவதில்லை. தாய் உயிருள்ள குட்டியை நேராக ஈனும், அதுவும் பின்பக்கம் முதலில் வெளியே வரும். பொறுமையாகப் பார்த்தால் உங்கள் கண்ணெதிரே நடக்கும். குட்டி காலை உதறிக்கொண்டு இறங்கும், கொஞ்ச நேரத்தில் தாயின் பக்கத்திலேயே ஊசிவாயை இறக்கிவிடும். ஆணின் துணை இல்லாத இந்தப் பிறப்பைக் கன்னி இனப்பெருக்கம் என்பார்கள். மகள் பெரும்பாலும் தாயின் அச்சு.

இதை முதலில் சோதித்துக் காட்டியவர் ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல் போனே. 1740-ல், அப்போதுதான் பிறந்த ஒரு அசுவினியைத் தனியாக ஒரு கண்ணாடிக்குள் அடைத்து, வேறு எந்தப் பூச்சியும் நெருங்காமல் காவல் காத்தார். அது வளர்ந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் 95 குட்டி போட்டது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். தாயின் வயிற்றில் மகள் வளரும்போதே, அந்த மகளின் வயிற்றில் பேத்தி உருவாகத் தொடங்கிவிடுகிறது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி மாதிரி. நீங்கள் பார்க்கும் ஒரு பெரிய அசுவினி உண்மையில் மூன்று தலைமுறை. மற்ற பூச்சிகள் முட்டை, புழு, கூட்டுப்புழு என்று செலவிடும் நாட்கள் இதற்கு மிச்சம்.

“அப்ப இலையில வெள்ளை வெள்ளையா ஒட்டியிருக்கிறது முட்டை இல்லையா?”

முட்டை இல்லை, உரித்த தோல். ஒவ்வொரு அசுவினியும் பெரிதாவதற்குள் நான்கு முறை தோல் உரிக்கும். அந்தச் சட்டைகள் தேன் மாதிரி பிசுபிசுப்பில் ஒட்டிக்கொண்டு இலையின் மேல் வெள்ளைத் தூளாகத் தெரியும். வெள்ளைத் தூள் தெரிந்தால் அதற்கு மேலே இருக்கும் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், கூட்டம் அங்கேதான் இருக்கும்.

குளிர் நாடுகளில் மட்டும் முட்டை உண்டு. அங்கே இலையுதிர் காலத்தில் பகல் குறுகிக் குளிர் ஏறும்போது, அதுவரை பெண்ணாகவே ஈன்றுகொண்டிருந்தவை ஆண்களையும் முட்டையிடும் பெண்களையும் ஈனும். ஆணுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைவு, வித்தியாசம் அவ்வளவுதான். இணை சேர்ந்து இட்ட முட்டை பனிக்காலத்தைத் தாங்கும். வசந்தத்தில் பொரிப்பவை எல்லாம் பெண்கள், மறுபடி ஆணில்லாத பிறப்பு தொடங்கும்.

நம் ஊரில் இந்தப் பாதி நடப்பதில்லை. சிங்கப்பூரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் பத்து நிமிடம்கூட இல்லை. குளிர் வருகிறது என்று அசுவினிக்குச் சொல்ல இங்கே ஒன்றும் இல்லை. அதனால் ஆண்டு முழுவதும் பெண்ணுக்குப் பெண் என்று தொடர்ந்துகொண்டே போகிறது.

“சரி, எவ்வளவு வேகமாப் பெருகும்? ஒரு கணக்குச் சொல்லுங்க.”

எளிமையாக ஒரு கணக்குப் போடுவோம். இறக்கையுள்ள ஒரு பெண் உங்கள் நாற்றில் இறங்கி மூன்று குட்டி போட்டுவிட்டுப் போகிறது. நம் வெயிலுக்குக் குட்டி ஒரு வாரத்துக்குள் தாயாகிவிடும், ஆகவே பிறந்த ஏழாம் நாளிலிருந்து நாளொன்றுக்கு நான்கு போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் சாகவில்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

ஆறாம் நாள் வரை மூன்றே மூன்றுதான். ஏழாம் நாள் 15. அப்புறம் தினமும் பன்னிரண்டு கூடி, பதின்மூன்றாம் நாள் 87. பதினான்காம் நாள் மகள்களும் ஈனத் தொடங்குவார்கள், அன்றைக்கு 147. பதினெட்டாம் நாள் 867. இருபத்தோராம் நாள் 2,100-ஐத் தாண்டிவிடும்.

இந்த எண்களில் மூன்று விஷயம் தெரிகிறது. முதல் வாரம் நீங்கள் எதையும் பார்க்க மாட்டீர்கள். இரண்டாவது வாரம் நுனியில் ஒரு சின்னக் கறுப்புத் திட்டு. “திடீர்னு வந்துச்சு” என்று எல்லாரும் சொல்வது மூன்றாவது வாரத்தை. உண்மையில் வேகம் கூடவில்லை. சராசரியாக வாரத்துக்கு ஒன்பது, பத்து மடங்கு என்ற வேகம்தான் முதலிலிருந்து. மூன்று முப்பதானால் கண்ணில் படாது, இருநூறு இரண்டாயிரம் ஆனால்தான் படும்.

நிஜத்தில் மழை, பூச்சித்தின்னிகள், இட நெருக்கடி எல்லாம் இந்த எண்ணைக் குறைக்கும். மிகுந்த வெயிலும் குறைக்கும். முப்பதைத் தாண்டி முப்பத்தைந்து டிகிரியை நெருங்கும் இடத்தில் குட்டி போடுவது வெகுவாகக் குறைந்துவிடும். நிழலான தாழ்வாரத்தில் அந்தச் சூடு இலைக்கு ஏறுவதே இல்லை.

“சிலதுக்கு மட்டும் இறக்கை இருக்கே, அது வேற பூச்சியா?”

அதே பூச்சி, அதே பரம்பரை. இறக்கை உள்ள அக்காவும் இல்லாத தங்கையும் ஒரே தாய்க்குப் பிறக்கலாம், மரபணுவில் வேறுபாடு இருக்காது. எந்த மகளுக்கு இறக்கை என்பதைச் சுற்றுப்புறம்தான் தீர்மானிக்கிறது.

முக்கியக் காரணம் நெருக்கடி. நுனியில் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, காலும் உணர்கொம்பும் திரும்பத் திரும்ப உரசும்போது, தாய் இறக்கைக்கான மகள்களை ஈனத் தொடங்குகிறது. செடி வாடினாலும் சாறு மோசமானாலும் அப்படித்தான். அசுவினியைத் தின்னும் பொறிவண்டு தாக்கும்போது பின்பக்கக் குழாயிலிருந்து ஒரு எச்சரிக்கை வாசனை வெளிவரும், சில இனங்களில் அந்த வாசனை அடிக்கடி எழுந்தாலே இறக்கைக்காரிகள் கூடுகிறார்கள்.

இறக்கை இலவசமாக வருவதில்லை. இறக்கையுள்ளது தாயாகக் கொஞ்சம் கூடுதல் நாள் எடுக்கும், போடும் குட்டியும் குறைவு. அதனால் சாறு நிறைய இருக்கும்போது இறக்கையில்லாதவையே பிறக்கின்றன. பெருக்குவதற்கு ஒரு உருவம், பரப்புவதற்கு இன்னொரு உருவம் என்று வேலையைப் பிரித்துக்கொண்ட மாதிரி.

இதை வைத்து நாளைக் கணிக்கலாம். கூட்டத்தில் தோளுக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் சின்னப் பட்டை மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் குட்டிகளைத் தேடுங்கள். அது இறக்கை மொட்டு. அது நன்றாகத் தெரிந்தால் ஓரிரு நாளில் கடைசித் தோல் உரியும், அப்புறம் பறக்கும். அன்றைக்கே அந்த நுனியைக் கிள்ளிப் பையில் கட்டிவிட்டால் பக்கத்து வீட்டுத் தொட்டிகளும் தப்பிக்கும்.

“நாங்க பதினோராம் மாடிங்க. அவ்வளவு உயரம் எப்படி வந்துச்சு?”

அதன் இறக்கைப் பலம் மிகக் குறைவு. நாம் நடக்கும் வேகம்கூட இருக்காது. ஆனால் கிளம்பும்போது வானத்து வெளிச்சத்தை நோக்கி மேலே போகும். காற்று தூக்கிவிட்டால் எவ்வளவு உயரமும் போகும். கொஞ்ச நேரம் பறந்த பிறகு வானத்தின் மேல் ஆர்வம் போய், மஞ்சளும் இளம்பச்சையும் இழுக்கத் தொடங்கும். அப்போது எதிரே உங்கள் தாழ்வாரத்து நாற்று இருந்தால் இறங்கிவிடும்.

இறங்கியதும் ஊசியை நுழைத்து ருசி பார்க்கும். பிடிக்காவிட்டால் அடுத்த செடி. பிடித்தால் இரண்டு மூன்று குட்டி போட்டுவிட்டு, சில சமயம் அதற்கடுத்த செடிக்கும் போகும். கடைசியில் ஒரு இடத்தில் நிலைத்துவிட்டால் அதன் பறக்கும் தசையே உடம்புக்குள் கரைந்து, அந்தச் சத்து குட்டிகளுக்குப் போய்ச் சேரும். மடங்கிய இலைக்குள் இறக்கையோடு ஒரே ஒரு அசுவினியும் சுற்றிலும் சின்னக் குட்டிகளும் இருந்தால், நீங்கள் சரியான நாளில் பார்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். விரலால் ஒரு தடவை நசுக்கினால் வேலை முடிந்தது.

மஞ்சள் நிற ஒட்டு அட்டைகளைக் கட்டுவதும் இதற்காகத்தான். ஆனால் அட்டை சேதி சொல்லும், செடியைக் காப்பாற்றாது. ஏற்கெனவே செடியில் இருக்கும் இறக்கையில்லாத கூட்டத்தை அது ஒன்றும் செய்யாது.

“பெரிய கொடி பக்கத்துலயே இருக்கு. அதை விட்டுட்டு நாத்தை மட்டும் ஏன் புடிக்குது?”

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் பதில் செடிக்குள்ளே இருக்கிறது.

அசுவினி இலையைக் கடிப்பதில்லை. தலைமுடியைவிட மெல்லிய ஊசிவாயைச் செல்களுக்கு நடுவே நுழைத்து, சர்க்கரைச் சாறு ஓடும் புளோயம் குழாயைத் தேடிப் பிடிக்கும். குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் சாறு தானாக ஏறும். அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம், ஆனால் உடம்பு வளர்க்கத் தேவையான அமினோ அமிலம் குறைவு. குறைவதில் ஒரு பகுதியை அதன் உடம்புக்குள் குடியிருக்கும் புக்னெரா என்ற பாக்டீரியா செய்து கொடுக்கிறது. ஆனாலும் மூலப்பொருளாக நைட்ரஜன் சாற்றில் வரவேண்டும்.

வளரும் நுனிக்குத்தான் செடி தன் நைட்ரஜனை அனுப்புகிறது. நாற்று என்பது கிட்டத்தட்ட முழுவதும் வளரும் நுனி. தோலும் இளசு, குழாயும் ஆழமில்லை. முற்றிய இலையில் சாறு மெலிந்துவிடும், அங்கே அதே அசுவினி மெதுவாக வளரும், குறைவாகப் போடும். பெரிய கொடியில் பூக்காம்பையும் பிஞ்சையும் பாருங்கள், கறுப்பு அங்கே இருக்கும். அவையும் வளரும் இடங்கள்தானே. இலை பழுக்கும்போது செடி புரதத்தை உடைத்துத் திருப்பி எடுக்கும், அப்போது கிழட்டு இலையிலும் கொஞ்ச நாள் கூட்டம் கூடும்.

இதில் நாம் செய்யும் தவறு ஒன்று. நாற்று சீக்கிரம் வரவேண்டும் என்று நைட்ரஜன் உரத்தை அள்ளிப் போடுகிறோம். நான் ஒரு வருடம் கோழி எருவைத் தாராளமாகப் போட்டு, கரும்பச்சையாக எழும்பிய பன்னிரண்டு நாற்றில் ஒன்பதை இரண்டே வாரத்தில் இழந்தேன். பயறு வகைச் செடி வேர்முடிச்சில் தானே நைட்ரஜனைச் சேர்த்துக்கொள்ளும். அதற்கு அவ்வளவு உரம் தேவையே இல்லை.

இன்னொரு காரணம் அளவு. மூன்று மீட்டர் கொடியில் 150 அசுவினி ஒரு பொருட்டல்ல. இரண்டு இலை நாற்றில் அதே 150 என்றால் நுனி சுருண்டு வளர்ச்சி நின்றுவிடும். மேலும் புதுப் பாத்தியில் அசுவினியைத் தின்பவை இன்னும் குடியேறியிருக்காது. பொறிவண்டு அசுவினி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத்தான் முட்டை வைக்கும், முட்டை வண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். மேலே போட்ட கணக்கில் அந்த இரண்டு வாரத்தை வைத்துப் பாருங்கள்.

“கீழ தோட்டத்துல அவ்வளவா இல்ல. எங்க தாழ்வாரத்துல மட்டும் ஏன்க்கா இப்படி?”

மழை. நம் ஊர்ப் பிற்பகல் மழை ஒரு தடவை அடித்தால் கூட்டத்தில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். கீழே விழுந்த குட்டி மறுபடி நுனிக்கு ஏறுவது கடினம். தாழ்வாரத்தில் அந்த மழை விழுவதில்லை. பொறிவண்டும், அசுவினிக்குள் புழுவாக வளரும் சின்னக் குளவியும் அங்கே குறைவாகவே வருகின்றன. வலைக்கூடாரத்துக்குள் கீரை வளர்ப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. வலை பலதைத் தடுக்கும், ஆனால் ஒரே ஒரு பெண் உள்ளே புகுந்துவிட்டால் மழையும் எதிரியும் இல்லாத இடம் அதற்குக் கிடைத்துவிடும்.

ஆகவே தாழ்வாரத்துக்கு நீங்களே மழையாக வேண்டும். தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், நுனியை ஒரு கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இலையின் அடிப்பக்கம் படுகிற மாதிரி குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். வேலை முடிந்ததும் அடித்தட்டில் தேங்கிய நீரைக் கட்டாயம் கொட்டிவிடுங்கள், கொசு முட்டையிட அதுவே போதும்.

“எறும்புதான் கொண்டு வருது. எறும்பை ஒழிச்சா போயிடுமா?”

போகாது, ஆனால் உதவும். எறும்பு வருவது தேன் மாதிரியான கழிவுக்கு. அசுவினி அமினோ அமிலத்துக்காக அளவுக்கு மீறிச் சாறு குடிக்கிறது, மிச்சச் சர்க்கரை பின்னால் சொட்டுகிறது. அதைத் தின்னும் எறும்பு, பொறிவண்டின் புழுவையும் குளவியையும் விரட்டுகிறது. எறும்பு ஏறாமல் தடுத்தால் அவற்றுக்கு வழி கிடைக்கும். எறும்பு வரிசையாகத் தண்டில் ஏறுவதே முதல் அறிகுறி என்பதால் நான் அதைப் பார்த்தால் உடனே நுனியைத் திருப்பிப் பார்ப்பேன்.

“சோப்புத் தண்ணி அடிச்சேன், நல்லாப் போச்சு. ஒரு வாரத்துல திரும்ப வந்துடுச்சே?”

ஒரே தடவை அடித்திருப்பீர்கள். மேலே பார்த்த கணக்கில் பதினான்காம் நாள் 147 இருந்தது. பத்தில் ஒன்பதைக் கொன்றாலும் பதினைந்து மிஞ்சும். பதினைந்து என்பது ஏழாம் நாள் இருந்த எண்ணிக்கை. நீங்கள் ஏறக்குறைய ஒரு வாரத்தைத்தான் பின்னுக்குத் தள்ளியிருக்கிறீர்கள்.

சோப்பு மேலே பட்டதைத்தான் கொல்லும். காய்ந்த பிறகு அதற்கு வேலை இல்லை. மடிப்புக்குள் இருந்தவை தப்பிக்கும். எனவே மூன்று நாளுக்கு ஒரு தடவையாக மூன்று முறை செய்யுங்கள். பிறந்தது தாயாக ஏறக்குறைய ஆறு நாள் வேண்டும் என்பதால், தப்பிய குட்டி ஈனத் தொடங்குவதற்கு முன் உங்கள் கை இரண்டு முறை அதன்மேல் படும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி மிதமான திரவ சோப்பு போதும். சாயங்காலம் அடித்து, கொஞ்ச நேரம் கழித்து வெறும் தண்ணீரால் அலசுங்கள். அதிகமாகப் போட்டால் நாற்றின் இலை விளிம்பு கருகும்.

“எப்ப அடிக்காம விட்டுடலாம்?”

கூட்டத்துக்குள் உப்பிப்போய், தாள் மாதிரி பழுப்பாக, அசையாமல் இருக்கும் அசுவினியைத் தேடுங்கள். அதற்குள் ஒரு சின்னக் குளவியின் புழு வளர்கிறது. அப்படி நாலைந்து தெரிந்தால், பெரிய கொடியில் நான் சோப்பை நிறுத்திவிடுவேன். பொறிவண்டின் புழு முதலை மாதிரி நீளமாகக் கறுப்பாக இருக்கும், அதைப் பூச்சி என்று கொன்றுவிடாதீர்கள்.

நாற்றுக்கு மட்டும் நான் காத்திருப்பதில்லை. அதற்கு அவ்வளவு நாள் தாங்காது. இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் விழுந்து சுருங்கியிருந்தால் அது அசுவினி கொண்டுவந்த நச்சுயிரியாக இருக்கலாம். இறக்கைக்காரி ருசி பார்க்க ஊசியை நுழைக்கும் சில நொடிகளிலேயே அது தொற்றிவிடும். அசுவினியைக் கொன்றாலும் அந்தச் செடி தேறாது, பிடுங்கிக் கட்டி எறிந்துவிட்டு வேறு விதை போடுங்கள்.